பிரீமியம் போட்டா வேலை கிடைக்குங்களா?

கோவையில் கம்பெனி மாற நினைக்கும் ஐ.டி. ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சரவணம்பட்டி, பீளமேடு டீக்கடைகளில் காதில் விழும் இதே கேள்வியைத் திருப்பூரிலும் கரூரிலும் புது பையர் தேடும் ஏற்றுமதியாளர்கள் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறார்கள்: “பிரீமியம் போட்டா ஆர்டர் வருங்களா?” இரண்டு பேர் திரையிலும் லிங்க்ட்இன்னின் ஒரே பொன்னிறப் பொத்தான்தான் மின்னுகிறது. ஒரு மாதம் இலவசம், பிடிக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது அது.

லிங்க்ட்இன் 2003 மே மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் கட்டணக் கணக்குகளை அறிமுகப்படுத்தியது. 2016-ல் மைக்ரோசாப்ட் இதை 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது. இன்று அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இதற்கு அதிக உறுப்பினர்கள் இருப்பது இந்தியாவில். அந்த எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டி வெகுநாளாகிறது. இத்தனை பேரில் பெரும்பாலானோர் காசு கட்டாதவர்கள். கட்டியவர்களிலும் பலருக்குத் தாங்கள் எதை வாங்கினோம் என்பது தெளிவாகத் தெரியாது. அவர்கள் வாங்கியது முக்கியமாக இரண்டு பொருள்கள்: அறிமுகமில்லாதவருக்குக் கடிதம் போடும் உரிமை, தன் பக்கத்துக்கு வந்துபோனவர்களைப் பார்க்கும் உரிமை. இரண்டுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. அந்த விதிகளைப் படித்துவிட்டால் முதல் பத்தியில் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கடிதத்துக்கு ஒரு கிரெடிட்

இலவசக் கணக்கில் நம்மோடு இணைந்தவருக்கு எத்தனை செய்தி வேண்டுமானாலும் அனுப்பலாம். இணையாதவருக்கு நேரடியாக எழுத முடியாது. முதலில் இணைப்பு வேண்டுகோள் அனுப்பி, அவர் ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். வேண்டுகோளோடு சிறு குறிப்பு சேர்த்தால் ஏற்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அந்தக் குறிப்பையும் இப்போது சுருக்கிவிட்டார்கள். இலவசக் கணக்குக்கு மாதத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குறிப்புகள், அதுவும் 200 எழுத்துக்குள். கட்டணக் கணக்கில் 300 எழுத்துவரை எழுதலாம்.

கட்டணக் கணக்கில் இந்தக் காத்திருப்பைத் தாண்டிப் போக இருக்கும் வழிக்குப் பெயர் இன்மெயில். ஒரு கடிதத்துக்கு ஒரு கிரெடிட் செலவாகும். வேலை தேடுவோருக்கான கேரியர் திட்டத்தில் மாதம் 5 கிரெடிட், பிசினஸ் திட்டத்தில் 15, விற்பனைக்காரர்களுக்கான சேல்ஸ் நேவிகேட்டரில் 50, சிறு நிறுவனங்கள் ஆள் எடுப்பதற்கான ரெக்ரூட்டர் லைட்டில் 30. மீதமானது அடுத்த மாதத்துக்குப் போகும், ஆனால் 90 நாளைக்குமேல் நிற்காது. அதனால் கேரியர் திட்டத்தில் அதிகபட்சம் 15, பிசினஸில் 45, சேல்ஸ் நேவிகேட்டரில் 150 வரைதான் சேரும்.

இந்தக் கிரெடிட்டுக்குள் ஒரு கதை இருக்கிறது. 2014 முடியும்வரை விதி தலைகீழாக இருந்தது. ஏழு நாளைக்குள் பதில் வராவிட்டால் கிரெடிட் திரும்பக் கிடைக்கும்; பதில் வந்தால் அது செலவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பலன் கிடைக்காதவருக்குக் காசைத் திருப்பித் தருவதில் என்ன தப்பு? ஆனால் நடந்தது வேறு. யாருக்கும் பொருந்தாத ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பியவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, பதில் வராததால் அத்தனை கிரெடிட்டும் அவர் கைக்கே திரும்பின. ஆளைத் தெரிந்து, விஷயத்தைத் தெரிந்து எழுதிப் பதில் வாங்கியவருக்குத்தான் கிரெடிட் தீர்ந்தது. குப்பைக் கடிதம் போட்டவருக்கே அந்த விதி பரிசு கொடுத்தது.

2015 ஜனவரி 1 முதல் அதைப் புரட்டிப் போட்டார்கள். இப்போது 90 நாளைக்குள் பதில் வந்தால்தான் கிரெடிட் திரும்பும். ‘விருப்பமில்லை’ என்று ஒரு பொத்தானைத் தட்டினாலும் பதில்தான், அதற்கும் கிரெடிட் திரும்பும். ஒரு வார்த்தையும் வராவிட்டால் போனது போனதுதான். இன்மெயிலில் நல்ல கடிதம் எழுதுகிறவருக்குக் கிரெடிட் குறைவதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டுகிறவருக்கு மாதத்தின் முதல் வாரத்திலேயே பை காலியாகிவிடும்.

கிரெடிட்டே தேவைப்படாத ஆட்களும் இருக்கிறார்கள். கட்டணம் கட்டிய உறுப்பினர் தன் அமைப்பில் Open Profile என்பதைத் திறந்து வைத்தால், இணைப்பில் இல்லாத எவரும் அவருக்கு இலவசமாக எழுதலாம். இலவசக் கணக்கு வைத்திருப்பவரும் எழுதலாம். ஆள் எடுக்கும் அதிகாரிகள் பலரும் இதைத் திறந்தே வைத்திருப்பார்கள். செய்திப் பெட்டியைத் திறந்ததும் கிரெடிட் செலவாகுமா, ஆகாதா என்று அங்கேயே தெரியும். அனுப்பும் முன் அந்த ஒரு வரியைப் பார்க்காமல், கிரெடிட் இல்லையே என்று சந்தா கட்டியவர்கள் உண்டு. இன்மெயிலே வேண்டாம் என்று மூடி வைத்திருப்பவர்களும் உண்டு; நம்மிடம் எத்தனை கிரெடிட் இருந்தாலும் அவர்களுக்கு எழுத முடியாது.

கரூரிலிருந்து பிராங்பர்ட்டுக்கு

மேசை விரிப்பு, சமையலறைத் துணி, திரைச்சீலை, படுக்கை விரிப்பு என்று வீட்டு ஜவுளி ஏற்றுமதியில் கரூருக்குத் தனி இடம் உண்டு. அந்தத் தொழிலின் பெரிய சந்தை ஆண்டுதோறும் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் கூடும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி. அங்கே கடை போட்டுவிட்டு, வருகிறவர் வரட்டும் என்று உட்காருவது ஒரு வழி. வரப்போகும் பையர்களை முன்கூட்டியே தேடி, சந்திக்க நேரம் வாங்கிவிட்டு விமானம் ஏறுவது இன்னொரு வழி. கட்டணத் திட்டம் உண்மையில் பயன்படுவது இந்த இரண்டாவது வழிக்குத்தான்.

நாற்பது, ஐம்பது பையர்களுக்கு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றும் யோசனை பிசினஸ் திட்டம். அக்டோபர் தொடக்கத்தில் சேர்ந்து மூன்று மாதக் கிரெடிட்டைச் சேர்த்துவைத்தால் டிசம்பரில் 45 கையில் இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் சேல்ஸ் நேவிகேட்டரை ஒரே ஒரு மாதம் எடுத்தால் முதல் நாளே 50 கிடைக்கும். அமெரிக்கப் பட்டியல் விலையை வைத்துப் பார்த்தால் பிசினஸின் மூன்று மாதச் சந்தா, சேல்ஸ் நேவிகேட்டரின் ஒரு மாதச் சந்தாவைவிட அதிகம். இந்தியாவில் திரையில் காட்டும் விலை ஆளுக்கு ஆள், சலுகைக்குச் சலுகை மாறும், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. மாத விலை குறைவு என்பதற்காகச் சின்னத் திட்டத்தை எடுத்து, கூடுதலாகக் கட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

சேல்ஸ் நேவிகேட்டரில் தேடலும் வேறு தரம். இலவசக் கணக்கில் பையர் என்று தேடித் தேடிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் வணிகத் தேடல் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று எச்சரிக்கை வரும். அதன்பிறகு முடிவுகள் குறையும், அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் வரம்பு புதுப்பிக்கப்படும். (பெயரைச் சொல்லி ஓர் ஆளைத் தேடுவது அந்தக் கணக்கில் வராது.) கட்டணத் தேடலிலோ நாடு, பதவி, நிறுவனத்தின் ஆள் எண்ணிக்கை என்று சலிக்கலாம். கடந்த 90 நாளில் வேலை மாறியவர்கள், கடந்த 30 நாளில் ஏதேனும் பதிவு போட்டவர்கள் என்று பிரித்துப் பார்க்கவும் சல்லடைகள் உண்டு. கடைசிச் சல்லடை முக்கியம். லிங்க்ட்இன்னில் பெயர் இருந்தும் ஆண்டுக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத பையர் ஏராளம். அவருக்கு அனுப்பும் கிரெடிட் கிணற்றில் போட்ட கல். சமீபத்தில் பதிவு போட்டவர் செய்திப் பெட்டியையும் திறப்பார் என்று எதிர்பார்க்கலாம்.

நாளும் முக்கியம். டிசம்பர் 20-க்குமேல் ஐரோப்பிய அலுவலகங்கள் கிறிஸ்துமஸ் விடுப்பில் காலியாகிவிடும். நவம்பர் கடைசி வாரத்தில் சந்தாவைத் தொடங்கி, முதல் சில நாள்களில் முப்பது கடிதம் அனுப்புவது பொருத்தம். அதில் ஆறு பேர் பதில் போட்டால், வேண்டாம் என்று சொன்னாலும், ஆறு கிரெடிட் திரும்பும். மீதமிருக்கும் இருபதோடு சேர்த்து இரண்டாவது சுற்றுக்கு இருபத்தாறு கிடைக்கும். ஐம்பதையும் மாதக் கடைசியில் அள்ளி வீசினால் இந்த இரண்டாவது சுற்று இருக்காது. பதில் வந்து கிரெடிட் திரும்பும்போது சந்தாவே முடிந்திருக்கும்.

கடிதத்தில் என்ன எழுதுவது? லிங்க்ட்இன் நிறுவனமே வெளியிட்ட ஓர் ஆய்வின்படி 400 எழுத்துக்குள் இருக்கும் இன்மெயில்களுக்குச் சராசரியைவிட 22 சதவீதம் அதிகமாகப் பதில் வருகிறது. அது ஆள் எடுக்கும் கடிதங்களை வைத்துச் செய்த கணக்கு என்றாலும் பையருக்கும் பொருந்தாமல் போகாது. 1980-ல் தாத்தா தொடங்கிய நிறுவனம், எங்கள் நோக்கம் தரம் என்று ஆரம்பிக்கும் கடிதத்தை யாரும் மூன்றாவது வரிக்குமேல் படிப்பதில்லை. அவர் கடையில் விற்கும் ஒரு பொருளைக் குறிப்பிட்டு, அதுபோன்றதை எந்தச் சான்றிதழோடு, குறைந்தது எத்தனை துண்டுக்கு, எத்தனை நாளில் தர முடியும் என்று சொல்லி, கண்காட்சியில் அரங்கு எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். ஓக்கோ டெக்ஸ், ஜி.ஓ.டி.எஸ். போன்ற சான்றிதழ்களின் பெயர் அந்த முதல் வரியிலேயே இருந்தால் ஐரோப்பிய பையருக்குப் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்

இரண்டாவது பொருளுக்கு வருவோம். பிரீமியம் எடுத்தால் நம் பக்கம் நிறையப் பேர் கண்ணில் படும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும்: காசு கட்டுவதால் நாம் பார்ப்பது கூடுகிறது, நாம் பார்க்கப்படுவது பெரிதாகக் கூடுவதில்லை.

பார்ப்பது எப்படிக் கூடுகிறது? இலவசக் கணக்கில் நம் பக்கத்துக்கு வந்தவர்களில் அண்மையில் வந்த சிலரின் பெயர் மட்டும் தெரியும், பொதுவாக ஐந்துக்குமேல் போகாது. மற்றவர்கள் மங்கலாகத் தெரிவார்கள், அந்த மங்கல்தான் பிரீமியம் விளம்பரத்தின் தூண்டில். கட்டணக் கணக்கில் நீண்ட காலத்துக்கான முழுப் பட்டியலும் கிடைக்கும். எந்த நிறுவனத்திலிருந்து, எந்தப் பதவியில் இருப்பவர்கள் பார்த்தார்கள் என்றும் பிரித்துக் காட்டும். ஆனால் Private mode-இல் வந்து பார்த்தவரின் பெயரை எந்தத் திட்டமும் காட்டாது. எவ்வளவு பெரிய சந்தா கட்டினாலும் அவர் ‘லிங்க்ட்இன் உறுப்பினர்’ மட்டும்தான். மறைந்து பார்த்தவரைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிச் சந்தா கட்டுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இலவசக் கணக்கில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. நாம் மறைந்து பார்த்தால் நம்மைப் பார்த்தவர்களும் நமக்குத் தெரிய மாட்டார்கள், அதுவரை சேர்ந்த பட்டியலும் போய்விடும். கட்டணக் கணக்கில் நாம் மறைந்துகொண்டே வந்தவர்களைப் பார்க்கலாம். இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் மிகப் பெரிய உண்மையான வேறுபாடு இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. கோவை போன்ற ஊரில் அதன் மதிப்பு இன்னும் கூடுதல். சென்னையிலோ பெங்களூரிலோ ஆயிரம் கம்பெனிக்கு நடுவில் ஒருவர் கரைந்துபோவார். இங்கே விளாங்குறிச்சி டைடல் பார்க்கில் இருப்பவரின் மேலாளருக்கு, எதிர்க் கம்பெனி மனிதவள அதிகாரி கல்லூரிக் கூட்டாளியாகவே இருப்பார்.

பெயரோடு பார்ப்பதற்கும் மறைந்து பார்ப்பதற்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் அமைப்பும் உண்டு. பெயரைக் காட்டாமல் பதவி, நிறுவனம், ஊர் போன்ற விவரங்களை மட்டும் காட்டுவது அது. பாதுகாப்பானது என்று நினைத்துப் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தில் அது சரி. குறிச்சி சிட்கோவில் நாற்பது பேர் இருக்கும் பம்ப் கம்பெனியின் வடிவமைப்புப் பொறியாளர் என்று காட்டினால், பெயர் போடாமலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சத்தமில்லாமல் வேலை தேடுகிறவர் முழுதாக மறைவதே மேல். இலவசக் கணக்கிலும் அது முடியும், வந்தவர் பட்டியலை இழக்கச் சம்மதித்தால் போதும்.

பார்க்கப்படுவது பற்றி? ஆள் எடுப்பவர் தன் ரெக்ரூட்டர் கருவியில் தேடும்போது பதவி, திறன், ஊர், அனுபவ ஆண்டு இவற்றை வைத்துத்தான் சலிக்கிறார். நாம் சந்தா கட்டியவரா என்பது அந்தச் சல்லடையில் இல்லை. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை என்று ஊர் திரும்பியவர், பக்கத்தில் பெங்களூர் என்றே விட்டிருந்தால் கோவை என்று தேடுபவர் கண்ணில் படவே மாட்டார். அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்குக் காசு வேண்டாம். வேலை தேடுகிறேன் என்று அறிவிக்கும் Open to work அமைப்பும் இலவசம். அதில் ஐந்து பதவிப் பெயர்கள்வரை கொடுக்கலாம், பச்சை வளையம் இல்லாமல் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். நம் சொந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை மறைக்க முயல்வோம், முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. சிறிய ஊரில் அந்த எச்சரிக்கையைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கேரியர் திட்டம் வேலை தேடுபவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் தகவல். மற்ற விண்ணப்பதாரர்களோடு ஒப்பிட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். பயிற்சி வகுப்புகளும் உண்டு. மாதத்துக்குச் சில வேலைகளை மட்டும் ‘இதுதான் என் முதல் விருப்பம்’ என்று குறித்து அனுப்பலாம். பார்க்கப்படுவதற்குக் கொஞ்சமேனும் உதவுவது இந்தக் குறி ஒன்றுதான். நௌக்ரி தளத்தின் கட்டணச் சேவை இதிலிருந்து வேறுபட்டது. 1997-ல் தொடங்கிய அந்தத் தளம் வேலை தேடுபவரிடம் விற்பவற்றில் விண்ணப்பத்தை முன்னால் காட்டும் வசதியும் உண்டு. கோவை, திருப்பூர் பகுதியில் மெர்ச்சண்டைசர், தரக் கட்டுப்பாடு, ஆலை மேற்பார்வை போன்ற வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்கள் நௌக்ரியிலும் வாட்ஸாப் குழுக்களிலும்தான் அதிகம் தேடுகிறார்கள். அந்த வேலைக்கு லிங்க்ட்இன் சந்தா கட்டுவது வீண் செலவு.

அதற்குப் பதிலாக, இலவசக் கணக்கிலேயே கிடந்தும் பலர் தொடாத வசதி ஒன்று இருக்கிறது. பி.எஸ்.ஜி. டெக், ஜி.சி.டி., சி.ஐ.டி. போன்ற கல்லூரிகளின் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதி இருக்கும். எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அங்கே சலித்துப் பார்க்கலாம். ஒரே கல்லூரி என்று சொல்லி அனுப்பும் வேண்டுகோளை ஏற்பவர்கள் அதிகம், ஏற்றபிறகு கிரெடிட்டே தேவையில்லை. உள்ளேயிருந்து ஒருவர் பரிந்துரைத்தால் ஐந்து இன்மெயில் செய்யாததை அது செய்துவிடும்.

பொன்னிறச் சின்னம் சான்றிதழ் அல்ல

ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பொன்னிறச் சின்னம் இருந்தால் அவர் சந்தா கட்டியிருக்கிறார் என்பது மட்டுமே பொருள். அவர் சொல்லும் கம்பெனியில் உண்மையாகவே வேலை செய்கிறாரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்குத் தனியாகச் சரிபார்ப்புக் குறி இருக்கிறது. இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் கொண்டு அடையாளத்தையும், அலுவலக மின்னஞ்சலைக் கொண்டு பணியிடத்தையும் சரிபார்க்கலாம். இரண்டும் இலவசம்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று ஐ.டி. படித்த இளைஞர்களை வரவழைத்து, மியான்மருக்குக் கடத்தி இணைய மோசடி வேலையில் அடைத்து வைக்கிறார்கள் என்றது அது. சமூக ஊடக விளம்பரங்களும் முகவர்களும்தான் தூண்டில். மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலை என்று இன்மெயில் வந்தால், அனுப்பியவர் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா, பணியிடம் சரிபார்க்கப்பட்டதா, அந்த நிறுவனத்தின் பக்கத்தில் வேறு ஊழியர்கள் உண்மையில் தெரிகிறார்களா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

ரத்து செய்யும் நாள்

இலவச மாதம் முடிந்ததும் பணம் தானாகவே எடுக்கப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஓ.டி.பி. கேட்கும், அதற்குக் குறைந்த மாதச் சந்தாவுக்குக் கேட்காது. எனவே குறுஞ்செய்தியைக் கவனிக்காதவர் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். கைப்பேசியில் செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது. ஐபோனில் ஆப்பிள் வழியாகக் கட்டியிருந்தால் ஆப்பிள் அமைப்பில்தான் ரத்து செய்ய வேண்டும். நிறுவனத்தின் பெயரில் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன்பே ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்துவிட்டால் உள்ளீட்டு வரிக் கணக்கில் காட்ட வசதியாக இருக்கும்.

சந்தாவை ரத்து செய்தால் கட்டிய மாதம் முடியும்வரை வசதிகள் இருக்கும். அது முடிந்ததும் மிச்சமிருந்த கிரெடிட் அத்தனையும் மறையும், பார்த்தவர் பட்டியல் பழையபடி சில பெயர்களுக்குச் சுருங்கும். ஆனால் பதில் போட்டவரோடு தொடங்கிய உரையாடல் அப்படியே இருக்கும். அதில் தொடர்ந்து எழுதக் கிரெடிட் வேண்டாம். இருந்தாலும் கரூரிலிருந்து பிராங்பர்ட் போகிறவர், பதில் தந்த ஒவ்வொரு பையருக்கும் சந்தா முடிவதற்குள் இணைப்பு வேண்டுகோளையும் அனுப்பிவிடுவது நல்லது. அவர்கள் ஏற்றுக்கொண்டால், ஜனவரியில் அரங்கு எண் மாறினாலும் பிப்ரவரியில் சாம்பிள் அனுப்பினாலும் அந்தச் செய்தியை இலவசக் கணக்கிலிருந்தே அனுப்பலாம்.